27-ஆம் தேதி பண்டிகை, 4-ஆம் தேதியே கடைசி நாள்: வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் எழுதிய கதை

நான் கையால் தைத்து அட்டை போட்ட குறிப்பேடுகள் செய்து விற்கிறேன். வாங்குபவர்களில் பெரும்பாலோர் தங்களுக்காக வாங்குவதில்லை. அம்மாவுக்கு, தோழிக்கு, ஓய்வு பெறும் ஆசிரியருக்கு என்று யாரோ ஒருவரின் பெயரை அட்டையில் பொன்னிற எழுத்தில் பொறிக்கச் சொல்கிறார்கள். அதனால் ஆண்டு முழுவதும் நிதானமாகப் போகும் வேலை, பண்டிகை நெருங்கியதும் ஒரே மூச்சில் வந்து குவியும். அந்தச் சமயத்தில் வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறேன். எந்தத் தேதி வரை ஆர்டர் செய்தால் பண்டிகைக்கு முன் பரிசு கையில் இருக்கும் என்று சொல்லும் கடிதம். ஒரு பக்கம்கூட வராது. ஆனால் என் தொழிலில் இதைவிடக் கவனமாக நான் எழுதுகிற எழுத்து வேறு இல்லை.

முதல் வருடம் அந்தக் கவனம் இல்லை. "பண்டிகைக்கு முன் பரிசு கிடைக்க 15-ஆம் தேதிக்குள் ஆர்டர் செய்யுங்கள்" என்று ஒரே வரி எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். ஒரு பெண்மணி 15-ஆம் தேதி இரவு பதினொன்றே முக்காலுக்குப் பணம் கட்டினார். தன் அப்பா பழைய நினைவுகளை எழுதிவைக்க ஒரு குறிப்பேடு வேண்டும், அட்டையில் அவர் பெயர் வேண்டும் என்றார். பெயரின் எழுத்துகளைச் சரிபார்க்கச் சொல்லி மறுநாள் காலை எழுதினேன். அவருடைய பதில் 17-ஆம் தேதி மாலைதான் வந்தது. புத்தகம் பண்டிகைக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தது. "நான் நீங்கள் சொன்ன தேதிக்குள்தானே ஆர்டர் செய்தேன்?" என்று கேட்டு எழுதியிருந்தார். அதில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது. அவர் சொன்னது முழுக்க நியாயம். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன்.

"15-ஆம் தேதிக்குள்" என்றால் 15-ஆம் தேதி சேர்த்தியா, இல்லையா? தமிழில் இதை இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். சேர்த்தி என்றால் நள்ளிரவு வரையா, கடை மூடும் நேரம் வரையா? யாருடைய ஊர் நேரப்படி? ஆர்டர் என்பது பணம் கட்டியதா, பொறிக்க வேண்டிய பெயரை உறுதி செய்ததா? இத்தனை கேள்விக்கும் அந்த வரியில் பதில் இல்லை. நான் மனதில் வைத்திருந்த பதில் ஒன்று, அவர் எடுத்துக்கொண்டது வேறொன்று. எழுதியவள் நான் என்பதால் குழப்பமும் என்னுடையது.

இன்னொரு பெரிய பிழையும் அதில் இருந்தது. 15 என்ற எண்ணை நான் முன்னோக்கி எண்ணிக் குறித்திருந்தேன். "இன்று செய்தால் இத்தனை நாளில் முடியும், கூரியருக்கு ஐந்து நாள், ஆக சரியாக இருக்கும்" என்ற கணக்கு. கடைசித் தேதியைப் பரிசு கையில் இருக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கித்தான் எண்ண வேண்டும். ஒவ்வொரு படியிலும் நல்ல நாளை எடுத்துக்கொள்ளாமல் மோசமான நாளை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறை எப்படி எண்ணினேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். பண்டிகை 27-ஆம் தேதி, வியாழக்கிழமை.

பரிசு 27 அன்று வந்தால் போதாது. வாங்கியவர் பிரித்துப் பார்க்க வேண்டும், தன் கையால் இரண்டு வரி எழுத வேண்டும், தாள் சுற்ற வேண்டும், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள். ஆகவே என் இலக்கு 25-ஆம் தேதி செவ்வாய். இந்த இரண்டு நாளைக் கூரியர் தாமதத்துக்கான கையிருப்பாக நினைக்கக் கூடாது. இது வாடிக்கையாளருக்குச் சொந்தமான நாள். அதிலிருந்து நான் கடன் வாங்க முடியாது.

அடுத்து கூரியர். "மூன்று முதல் ஐந்து வேலை நாள்" என்று போட்டிருப்பார்கள். சனி, ஞாயிறு அதில் சேராது. பார்சலை எடுத்துச் சென்ற நாளும் சேராது. அதைவிட முக்கியம், ஐந்து என்பது வாக்குறுதி அல்ல, மதிப்பீடு. அதனால் போன பண்டிகைக்கு நான் அனுப்பிய பார்சல்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை வேலை நாளில் சேர்ந்தது என்று எழுதினேன். மொத்தம் 112. நான்கு நாளுக்குள் சேர்ந்தவை 71. சராசரியும் ஏறக்குறைய நான்குதான் வந்தது. சராசரியை நம்பித் தேதி குறித்திருந்தால் 41 பேர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏழு நாள் என்று வைத்தால் 109 சேர்ந்துவிட்டன. மிச்சம் மூன்று. ஒன்றில் வீட்டு எண் தவறு, ஒன்றில் வீடு பூட்டியிருந்தது, ஒன்று வேறு ஊருக்குப் போய்த் திரும்பியது. அந்த மூன்றை எந்தத் தேதியாலும் காப்பாற்ற முடியாது. ஆகவே ஏழு.

25-ஆம் தேதியிலிருந்து ஏழு வேலை நாள் பின்னால் போனால், நடுவே இரண்டு வார இறுதிகள் குறுக்கிட்டு, 14-ஆம் தேதி வெள்ளியில் போய் நிற்கிறது. அன்று மாலை மூன்று மணிக்குக் கூரியர் ஆள் வருவார். அப்போது பார்சல் ஒட்டித் தயாராக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள், நானும் ஏமாந்திருக்கிறேன். நாம் கணினியில் முகவரிச் சீட்டு அச்சிட்டவுடன் வாடிக்கையாளருக்கு "உங்கள் பார்சல் புறப்படத் தயார்" என்கிற மாதிரி ஒரு செய்தி போய்விடும். அது சீட்டு உருவான செய்திதானே தவிர, பார்சல் கிளம்பிய செய்தி அல்ல. கூரியர் ஆள் சீட்டிலுள்ள கோடுகளை ஸ்கேன் செய்யும்போதுதான் நாள் எண்ணத் தொடங்கும். கூட்ட நாட்களில் வண்டி நிறைந்துவிட்டது என்று மூட்டையாக எடுத்துப் போய், கிடங்கில் மறுநாள் ஸ்கேன் செய்வதும் உண்டு. வெள்ளிக்கிழமை அப்படி நடந்தால் மறுநாள் என்பது திங்கள். அதனால் கடைசி நாள் பார்சல்களை என் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யச் சொல்லிக் கேட்டு நின்றுவிடுகிறேன். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும்.

இனி என் மேசை. ஒரு குறிப்பேட்டுக்கு நான்கு நாள் ஆகும். முதல் நாள் தாள்களைப் பாரம் பாரமாக மடித்துத் தைத்து, முதுகில் பசை தடவிக் காயவைப்பேன். இரண்டாம் நாள் ஓரம் வெட்டி, அட்டைக்குத் துணி ஒட்டுவேன். மூன்றாம் நாள் காலை பெயரைப் பொறித்து, புத்தகத்தை அட்டையோடு சேர்த்து ஒட்டி பிரஸ்ஸில் வைப்பேன். நான்காம் நாள் அதே நேரத்துக்கு எடுப்பேன்.

பிரஸ்ஸில் இருக்கும் அந்த இருபத்து நான்கு மணி நேரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "கொஞ்சம் சீக்கிரம் செய்து தர முடியுமா" என்ற கேள்வி கடைசியில் இங்கேதான் வந்து முட்டுகிறது. பசையில் தண்ணீர் இருக்கிறது. அட்டையின் உள்பக்கம் தாளை ஒட்டும்போது, தாள் அந்த ஈரத்தைக் குடித்து விரிகிறது. காயும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது தன்னோடு ஒட்டிய அட்டையையும் இழுக்கிறது. எடை அழுத்திக்கொண்டிருக்கும் வரை அட்டை அசையாது, ஈரம் மெல்ல வெளியேறிவிடும். முன்கூட்டி எடுத்துவிட்டால் எடுத்த கணத்தில் ஒன்றும் தெரியாது. அழகாக, தட்டையாக இருக்கும். பெட்டியில் போட்டு ஒட்டிவிடலாம். போகும் வழியில்தான் மூலைகள் உள்பக்கமாக வளையத் தொடங்கும்.

ஒரு முறை எட்டு மணி நேரத்தில் எடுத்து அனுப்பிய புத்தகம் திரும்பி வந்தது. மேசையில் வைத்தால் நான்கு மூலையும் மேசையைத் தொடவில்லை. காய்ந்த இலைபோல் இருந்தது. பெயர் மட்டும் நடுவில் பளிச்சென்று இருந்தது. இப்போது எடுத்ததும் உள்பக்கத்தில் கன்னத்தை வைத்துப் பார்க்கிறேன். குளிர்ச்சி தட்டினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். மறுபடி பிரஸ்ஸுக்குள் போய்விடும்.

14 வெள்ளி காலை பிரஸ்ஸிலிருந்து எடுக்க வேண்டுமானால் 13 வியாழன் காலை உள்ளே போக வேண்டும், 11 செவ்வாய் அன்று தையல் தொடங்க வேண்டும். இத்தோடு கணக்கு முடிந்தது, 10-ஆம் தேதி கடைசி நாள் என்றுதான் இரண்டாம் வருடம் நினைத்தேன். அதுவும் தவறிப்போயிற்று. வரிசையை நான் எண்ணவில்லை.

என் பிரஸ்ஸில் ஒரு நேரத்தில் ஆறு புத்தகம்தான் கொள்ளும். ஆகவே நாளொன்றுக்கு ஆறு. ஆனால் ஆர்டர்கள் நாளொன்றுக்கு ஆறாக வருவதில்லை. கடைசித் தேதி ஒன்றை அறிவித்துவிட்டால், அந்தத் தேதியை ஒட்டிய மூன்று நாளில் வந்து குவியும். போன முறை மூடும்போது என் கையில் தொடங்காமல் இருந்தவை முப்பது. முப்பதை ஆறால் வகுத்தால் ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, சனிக்கிழமை வேலை உண்டு. அப்படியென்றால் ஐந்து தொகுதிகளும் 6 வியாழன், 7 வெள்ளி, 8 சனி, 10 திங்கள், 11 செவ்வாய் என்று தொடங்க வேண்டும். கடைசியில் வந்த ஆர்டர் 11 அன்றுதான் என் கைக்கு வரும். அது தாமதமாக வந்த ஆர்டர் அல்ல, முன்னால் இருபத்து நான்கு பேர் நிற்கிறார்கள், அவ்வளவுதான். 6-ஆம் தேதி காலை பட்டியல் முழுதாக இருக்க வேண்டும் என்றால், 5-ஆம் தேதி பெயர் சரிபார்க்க ஒரு நாள். ஆர்டர் எடுப்பதை 4-ஆம் தேதி செவ்வாய் இரவே நிறுத்த வேண்டும்.

27-ஆம் தேதி பண்டிகைக்கு 4-ஆம் தேதி கடைசி நாள். இருபத்து மூன்று நாள் இடைவெளி. வாடிக்கையாளர் மனதில் இருக்கும் கணக்கு வேறு. கூரியர் ஐந்து நாள், ஆகவே 22 வரை நேரம் இருக்கிறது என்பது அவர் எண்ணம். அவருடைய 22-க்கும் என்னுடைய 4-க்கும் நடுவே பதினெட்டு நாள் கிடக்கிறது. கடிதம் விளக்க வேண்டியது அந்தப் பதினெட்டு நாளைத்தான். வெறும் தேதியை மட்டும் சொன்னால், "வியாபாரத்துக்காக அவசரப்படுத்துகிறார்கள்" என்று தோன்றும், அப்படித் தோன்றுவதில் தவறில்லை. காரணத்தைச் சொன்னால் தேதியை நம்புகிறார்கள். ஆனால் நான் மேலே எழுதியதை எல்லாம் கடிதத்தில் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். ஆறேழு வரைவுகளுக்குப் பிறகு நின்றது இது:

"வணக்கம்.

பெயர் பொறித்த குறிப்பேடு 27-ஆம் தேதிப் பண்டிகைக்கு முன் உங்கள் கையில் இருக்க வேண்டுமானால், 4-ஆம் தேதி செவ்வாய் இரவு 9 மணி வரை ஆர்டர் செய்யலாம். பொறிக்க வேண்டிய பெயரை நாங்கள் அதே எழுத்தில் திருப்பி அனுப்புவோம். 5-ஆம் தேதி புதன் மாலை 6 மணிக்குள் 'சரி' என்று பதில் வந்தால்தான் வேலை தொடங்கும்.

இவ்வளவு முன்கூட்டியே கேட்பதற்குக் காரணம் உண்டு. நாளொன்றுக்கு ஆறு புத்தகம்தான் எங்களால் செய்ய முடியும். ஒவ்வொன்றும் நான்கு நாள் எடுக்கும், அதில் ஒரு முழு நாள் பசை காய்வதற்கு. பண்டிகைக் கூட்டத்தில் கூரியர் ஏழு வேலை நாள் வரை எடுத்துக்கொள்கிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் 25-ஆம் தேதி செவ்வாய்க்குள் பார்சல் வந்துவிடும்.

பெயர் இல்லாத குறிப்பேடுகள் தயாராக இருக்கின்றன. அவற்றை 13-ஆம் தேதி வியாழன் இரவு 9 மணி வரை வாங்கலாம்.

கடைசி வாரத்துக்கு முப்பது இடங்கள் வைத்திருக்கிறோம். அவை 4-ஆம் தேதிக்கு முன்பே நிறைந்துவிட்டால் அன்றே நிறுத்திவிடுவோம்.

பரிசை நேராக அவர் வீட்டுக்கே அனுப்ப விரும்பினால், அந்த வாரம் அவர் வீட்டில் இருப்பாரா என்று கேட்டுவிட்டு முகவரியைக் கொடுங்கள். பெட்டிக்குள் ரசீது வைக்கமாட்டோம்."

சில சொற்களைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. முதல் வாக்கியத்தில் "ஆர்டர் செய்யுங்கள்" என்று இருந்ததை "செய்யலாம்" என்று மாற்றினேன். கட்டளை போலவும் விளம்பரம் போலவும் இருந்தது அது. தேதியோடு கிழமையையும் எழுதினேன். எண்ணைத் தவறாகத் தட்டச்சு செய்தாலும் தவறாகப் படித்தாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். "தேதிக்குள்" என்பதை ஆர்டருக்கு எங்கும் பயன்படுத்தவில்லை, "இரவு 9 மணி வரை" என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. நள்ளிரவு என்று வைக்காததற்குக் காரணம், நள்ளிரவு 12 மணி என்றால் அது 4-ஆம் தேதி தொடங்கும் நேரமா முடியும் நேரமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தவிர, ஒன்பது மணிக்கு நான் விழித்திருப்பேன். கடைசி நேரத்தில் பணம் கட்டும்போது தடங்கல் வந்தால் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

"கட்டாயம் வந்துவிடும்" என்று எழுதவும் மனம் வரவில்லை. "வரலாம்" என்றால் யாரும் வாங்கமாட்டார்கள், அதுவும் உண்மை அல்ல. "எல்லாம் ஒழுங்காக நடந்தால் 25-ஆம் தேதி செவ்வாய்க்குள்" என்று ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொன்னேன். இதில் இன்னொரு பயன் இருக்கிறது. 25 மாலை வரை பார்சல் வராவிட்டால் வாடிக்கையாளர் அன்றே எனக்கு எழுதுவார். தேட எனக்கு இன்னும் ஒரு முழு நாள் இருக்கும். "பண்டிகைக்கு முன்" என்று மட்டும் எழுதியிருந்தால் 26 இரவு வரை பொறுமையாகக் காத்திருப்பார், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வெளிநாட்டு முகவரிகளை இந்தக் கடிதத்தில் சேர்க்கவில்லை. அவர்களுக்குத் தனிக் கடிதம், அது ஒரு மாதம் முன்னதாகவே போய்விடும். தபாலில் போகும் பார்சலில் சி.என். 22 அல்லது சி.என். 23 என்ற சுங்க அறிவிப்புப் படிவம் ஒட்ட வேண்டும். உள்ளே என்ன பொருள், என்ன எடை, என்ன மதிப்பு என்று அதில் எழுத வேண்டும். "பரிசு" என்று மட்டும் எழுதினால் போதாது. பொருள் தெளிவாக இல்லாத பார்சலைச் சுங்கத்தில் நிறுத்திவைக்கலாம். "தாள் குறிப்பேடு, துணி அட்டை, ஒன்று" என்று எழுதுவதுதான் சரி. சில நாடுகளில் பெறுபவரே வரி கட்டிப் பார்சலை எடுக்க வேண்டியிருக்கும். பரிசு வாங்குபவரிடம் அதை முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பரிசு பெறுபவர் வாசலில் நின்று பணம் தேட நேரும். சுங்கத்தில் எத்தனை நாள் நிற்கும் என்பது என் கையிலும் இல்லை, கூரியர் கையிலும் இல்லை. அதனால் அந்தக் கடிதத்தில் வந்து சேரும் நாளை எழுதுவதில்லை. அனுப்பும் நாளை மட்டும் எழுதுகிறேன்.

உள்நாட்டுக் கடிதம் மூன்று முறை போகிறது. கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, 4-ஆம் தேதி காலை ஒன்று. மூன்றாவதில் இரண்டே வரி. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அடுத்தடுத்த கடிதங்கள் போகாமல் பெயரை எடுத்துவிடுகிறேன். வாங்கிவிட்ட ஒருவருக்கு "இன்றே கடைசி நாள்" என்று போனால், தன் ஆர்டர் பதிவாகவில்லையோ என்று பதறிப்போவார். இரண்டு பேர் அப்படிப் பதறி மறுபடியும் பணம் கட்டியிருக்கிறார்கள்.

4-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குப் பெயர் பொறித்த குறிப்பேட்டின் விற்பனையை நானே நிறுத்திவிடுகிறேன். "இனி வாங்குபவை தாமதமாகும்" என்று ஒரு குறிப்பை ஒட்டி விற்பனையைத் திறந்தே வைத்திருந்தேன் ஒரு வருடம். குறிப்பைப் படிக்காமல் ஒன்பது பேர் வாங்கினார்கள். ஒன்பது பேரிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

ஒன்பது மணிக்குப் பிறகு எப்போதும் யாராவது ஒருவர் எழுதுவார். இந்த முறை ஒருவர் ஒன்பதரைக்கு எழுதினார். விரைவு கூரியருக்கு எவ்வளவு ஆனாலும் கட்டிவிடுகிறேன், தங்கை பெயர் பொறித்த ஒன்று மட்டும் வேண்டும் என்றார். விரைவு கூரியர் சாலையில் இருக்கும் நாளைத்தான் குறைக்கும். பசை காயும் நாளையும், அவருக்கு முன்னால் நிற்கும் முப்பது பேரையும் குறைக்காது. ஒருவரை நடுவில் நுழைத்தால் ஆறு பேர் தொகுதியில் ஒருவர் வெளியே போக வேண்டும். அந்த ஒருவர் நான் சொன்ன தேதியை நம்பி நேரத்துக்கு வந்தவர். இதை அவருக்கு அப்படியே எழுதினேன். பிறகு இரண்டு வழி சொன்னேன். பெயர் இல்லாத குறிப்பேட்டை இப்போதே அனுப்பலாம். அல்லது பெயர் பொறித்ததற்கு இன்றே பதிவு செய்தால், பண்டிகைக்கு முன் ஒரு வாழ்த்து அட்டையை அனுப்புகிறேன். அதில் தங்கையின் பெயரும், புத்தகத்தின் அட்டைக்கு அவர் தேர்ந்தெடுத்த துணியில் ஒரு விரல் அகலத் துண்டும், புத்தகம் வந்து சேரும் தேதியும் இருக்கும். பண்டிகை நாளில் அதைக் கையில் கொடுக்கலாம்.

அவர் துணித் துண்டைத் தேர்ந்தெடுத்தார். கருநீலம். வாழ்த்து அட்டையை 5-ஆம் தேதி தபாலில் போட்டேன். புத்தகம் பண்டிகை முடிந்த அடுத்த வாரத்தின் முதல் தொகுதியில் இருக்கிறது. தங்கையின் பெயரில் ஒரு எழுத்தை அவர் இரண்டு முறை மாற்றி எழுதியிருந்தார், அதை மட்டும் இன்று மாலை மறுபடியும் கேட்டு எழுத வேண்டும்.